அமெரிக்காவில் வட்டி ஏறுகிறது, ஹட்டனில் பவுண் ஏன் இறங்கவில்லை?

கொட்டகலைக்காரி, 2022 நவம்பர் 3, இரவு 9.40

நேற்றிரவு அமெரிக்க மத்திய வங்கி இன்னொரு முக்கால் வீதம் ஏற்றிவிட்டது. மார்ச் மாதம் பூச்சியத்தை ஒட்டி இருந்த வட்டி இப்போது 3.75 இலிருந்து 4 வரை. வட்டி ஏறினால் தங்கம் இறங்கும், டொலர் பலமானால் தங்கம் இறங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டும் நடந்துவிட்டது. இங்கேயும் வட்டி ஏறித்தான் கிடக்கிறது. ஆனால் இன்று ஹட்டனில் நகைக்கடைப் பலகையைப் பார்த்தேன். பெப்ரவரியில் அம்மாவுக்காக விசாரித்த விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சும்மா கேட்கவில்லை. அம்மா தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, ஊழியர் சேமலாப நிதிக் காசு கைக்கு வந்திருக்கிறது. முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்த காசு. பவுணாக வாங்குவதா, வங்கியில் போடுவதா என்று வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு. அந்த விதி பொய்யா, இல்லை நான் தப்பாகப் புரிந்துகொண்டேனா?

ஹட்டன் நகைக்கடை, நவம்பர் 3, இரவு 10.15

அக்கா, விதி பொய் இல்லை. டொலர் ஏறினால் தங்கம் இறங்கும், அவ்வளவுதான். உலகச் சந்தையில் இறங்கித்தான் இருக்கிறது. மார்ச்சில் அவுன்ஸ் 2,000 டொலரைத் தாண்டியது, இன்றைக்கு 1,630. நாங்கள் விற்பது செட்டியார் தெரு விலையை வைத்து. அவர்கள் காலையில் சொல்வதைத்தான் பலகையில் எழுதுகிறோம்.

கொட்டகலைக்காரி, நவம்பர் 4, காலை 6.10

தம்பி, நீங்கள் சொன்ன 1,630 ஐ வைத்து இரவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மரக்கறி மொத்தக் கடையில் கணக்கெழுதும் கை, சும்மா இருக்காது.

பவுண் என்றால் 8 கிராம். 22 கரட் என்பதால் அதில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். ஒரு அவுன்ஸ் 31.1 கிராம். ஆகவே ஒரு பவுணுக்குள் 0.2358 அவுன்ஸ் இருக்கிறது. இந்த ஒரு எண் தெரிந்தால் போதும்.

பெப்ரவரியில் அவுன்ஸ் சுமார் 1,850 டொலர், வங்கியில் டொலர் 201 ரூபா. பெருக்கினால் 87,700 ரூபா.
இப்போது அவுன்ஸ் 1,630, டொலர் 365 ரூபா. பெருக்கினால் 140,300 ரூபா.

டொலரில் பார்த்தால் தங்கம் நூற்றுக்குப் பன்னிரண்டு குறைந்திருக்கிறது. ரூபாவில் நூற்றுக்கு அறுபது கூடியிருக்கிறது. அதே தங்கம்தான். அமெரிக்காவில் விதி வேலை செய்திருக்கிறது, நம்முடைய ரூபா அதை மேலே ஏறி மிதித்துவிட்டது.

பலகையில் இந்தக் கணக்கைவிடக் கூட இருந்ததே, அது ஏன்?

ஹட்டன் நகைக்கடை, நவம்பர் 4, காலை 8.30

வருட ஆரம்பத்தில் வங்கி விலை 201 என்றாலும் அந்த விலைக்கு யாருக்கும் டொலர் கிடைக்கவில்லை அக்கா. வெளியே டொலர் என்ன விலையோ அதை வைத்துத்தான் தங்கம் போனது. அதனால் பெப்ரவரிப் பலகையும் உங்கள் 87,700 ஐவிட மேலேதான் இருந்திருக்கும். சேதாரமும் கூலியும் வேறு.

மஸ்கெலியா, நவம்பர் 4, பகல் 1.20

வட்டி பற்றிப் பேசுகிறீர்கள், நல்லது. உண்மையான வட்டி எவ்வளவு என்று எனக்கும் தெரியவேண்டும். மகளின் தோட்டை ஒரு இடத்தில் அடகு வைத்தேன். வாயால் சொன்ன வட்டி ஒன்று, சீட்டில் வேறு. முதல் மாத வட்டியைக் கழித்துக்கொண்டுதான் காசு தந்தார்கள். அப்படியென்றால் உண்மை வட்டி எவ்வளவு?

பண்டாரவளை ஓய்வு, நவம்பர் 4, மாலை 5.05

வங்கியில் வெளிநாட்டு நாணயப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். முதலில் மஸ்கெலியாத் தங்கைக்கு. 50,000 என்று எழுதி முதல் மாத வட்டி 1,000 ஐக் கழித்து 49,000 தந்தால், நீங்கள் பயன்படுத்துவது 49,000, வட்டி கட்டுவது 50,000 க்கு. சீட்டில் 2 வீதம் என்று இருந்தாலும் உங்களுக்கு விழுவது மாதம் 2.04. பெரிய வித்தியாசம் இல்லை. சீட்டில் உள்ள திகதியைத் தவறவிடாமல் பாருங்கள், அங்கேதான் தோடு போகும்.

தங்கத்தை ஆட்டுகிற வட்டி அது இல்லை, மெய் வட்டி என்று ஒன்று இருக்கிறது. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தபின் மிஞ்சுகிற வட்டி. இதில் நகைக்கடைத் தம்பி பாதிதான் சரி. டொலர் ஏறினால் தங்கம் இறங்கும் என்பது பெரும்பாலும் நடக்கும், ஆனால் காரணம் அதற்கும் பின்னால் நிற்கிறது.

இப்படிப் பாருங்கள். ஒரு பெட்டியில் ஒரு அவுன்ஸ் தங்கம். இன்னொரு பெட்டியில் அமெரிக்க அரசு கடன் வாங்கிக்கொண்டு தருகிற ஒரு வகைத் திறைசேரி முறி. அந்த முறியின் முதல், விலைவாசி ஏறுகிற அளவுக்குத் தானாக ஏறும். ஆகவே அதில் சொல்லப்படும் வட்டி ஏற்கெனவே விலைவாசி கழிந்த வட்டி. 2020 ஓகஸ்டில் பத்து வருட முறிக்கு அந்த வட்டி கழித்தல் 1. வாங்கி வைத்தால், இன்று நூறு தேங்காய் வாங்குகிற காசு பத்து வருடத்தில் தொண்ணூறு தேங்காய்தான் வாங்கும். நிச்சயமான நட்டம். தங்கம் வட்டி தராது, ஆனால் குட்டி போடாவிட்டாலும் தேயாது. அந்த மாதம்தான் அவுன்ஸ் முதல் தடவையாக 2,000 டொலரைத் தாண்டியது.

இப்போது அதே முறிக்கு வட்டி கூட்டல் 1.6 ஐ ஒட்டி. நூறு தேங்காய்க் காசு பத்து வருடத்தில் நூற்றுப் பதினேழு தேங்காய் வாங்கும், அதுவும் அமெரிக்க அரசின் உத்தரவாதத்தோடு. பெட்டியில் சும்மா கிடக்கிற தங்கத்தை வைத்திருப்பவருக்கு அந்தப் பதினேழு தேங்காய் இழப்பு. அதனால் விற்கிறார். அவ்வளவுதான் மர்மம்.

அறிவிக்கிற வட்டி மட்டும் ஏறினால் போதாது. 1979 இல் அமெரிக்காவில் வட்டி பத்து வீதத்துக்கு மேல். தங்கம் இறங்கியதா? வருடத் தொடக்கத்தில் 230 டொலருக்குக் கீழே இருந்தது, 1980 ஜனவரியில் 850. விலைவாசி வட்டியைவிட வேகமாக ஓடியதுதான் காரணம். அப்புறம் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் வொல்கர் வட்டியை விலைவாசிக்கு வெகு மேலே தள்ளினார். 1982 நடுவில் தங்கம் 300 டொலர் பக்கம் வந்துவிட்டது.

கொட்டகலைக்காரி, நவம்பர் 4, இரவு 8.50

சேர், தேங்காய்க் கணக்கை அம்மாவுக்கு அப்படியே சொன்னேன். "அப்போ தங்கம் தேங்காய் மாதிரி காய்க்காது, ஆனால் அழுகவும் அழுகாது" என்றார். சரிதானே.

கைபேசியில் தேடிப்பார்த்தேன். அமெரிக்க மத்திய வங்கியின் கிளையொன்று நடத்தும் பக்கத்தில் `DFII10` என்று அடித்தால் நீங்கள் சொன்ன முறியின் வட்டி நாளுக்கு நாள் கோடாக வருகிறது. இங்கே மழை, சிக்னல் ஒரு கோடுதான், படம் வர ஐந்து நிமிடம் எடுத்தது. மார்ச் தொடக்கத்தில் கழித்தல் 1 இல் கிடந்தது இப்போது மேலே வந்து நிற்கிறது. அதன் பக்கத்தில் தங்கத்தின் கோட்டை வைத்தால், ஒன்றைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி.

ஒரு சந்தேகம். மெய் வட்டி தனி, டொலர் தனி என்று இரண்டு காரணமாக எண்ணலாமா?

பண்டாரவளை ஓய்வு, நவம்பர் 5, காலை 7.00

முழுக்க இரண்டாக எண்ணாதீர்கள் மகள், ஒரே தண்ணீரை இரண்டு குடத்தில் அளந்த மாதிரி ஆகிவிடும். அமெரிக்காவில் மெய் வட்டி ஏறினால் உலகக் காசு அங்கே போகும், போவதற்கு டொலர் வேண்டும், டொலர் ஏறும். ஆகவே பெரும் பங்கு ஒரே காரணம்தான்.

ஆனால் டொலருக்குத் தனியாகவும் ஒரு வேலை உண்டு. தங்கத்தின் விலை டொலரில் சொல்லப்படுகிறது, வாங்குபவர்களில் மிகப்பெரிய கூட்டம் சீனத்திலும் இந்தியாவிலும். டொலர் ஏறினால் அவுன்ஸ் விலை மாறாமலே அவர்களுக்கு விலை கூடிவிடும். கலியாண நகைக்குப் பத்துப் பவுண் நினைத்தவர் எட்டோடு நிறுத்துவார். வாங்குவது குறையக் குறைய அவுன்ஸின் டொலர் விலை கீழே வரவேண்டியதுதான்.

சில நாட்களில் இந்த ஒழுங்கு கெடும். 2020 மார்ச்சில் உலகமே பயந்து எதையும் விற்று டொலர் தேடியது. பத்து நாளுக்குள் தங்கம் சுமார் 1,680 இலிருந்து 1,470 பக்கம் விழுந்தது. பயத்துக்குத் தங்கம் ஏறும் என்று நினைத்தவர்களுக்கு அது பெரிய அடி. அதே மாதம் வட்டி பூச்சியத்துக்கு வந்தது, சில வாரத்தில் எல்லாம் திரும்பியது.

கொட்டகலைக்காரி, நவம்பர் 6, இரவு 7.30

முடிவு எடுத்துவிட்டோம். எழுதி வைக்கிறேன், பிறகு பார்க்கலாம்.

நம் ஊர் மெய் வட்டியைப் பார்த்தேன். அரசு ஒரு வருடம் வரைக்கும் கடன் வாங்குகிற திறைசேரி உண்டியலுக்கு 30 வீதத்தை ஒட்டித் தருகிறார்கள். பெரிய வட்டி. ஆனால் செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி ஏற்றம் 69.8 வீதம். முப்பதிலிருந்து எழுபதைக் கழித்தால் கழித்தல் நாற்பது. சேர் சொன்ன தேங்காய் நூறு, ஒரே வருடத்தில் எழுபத்தாறாகிவிடும். இப்படி இருக்கும்போது காசை வங்கியில் போட மனம் வரவில்லை. பெரும்பகுதியைப் பவுணாக வாங்கினோம். அம்மா கடையில் சங்கிலியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். தன் கல்யாணத்துக்குப் போட்டது அரைப் பவுண் தோடு மட்டும், அதுவும் 83 இல் போய்விட்டது.

பண்டாரவளை ஓய்வு, நவம்பர் 6, இரவு 9.15

அம்மா சந்தோஷப்பட்டிருப்பார், அது பெரிய விஷயம். ஆனால் கணக்கில் ஒரு இடம் இடிக்கிறது. 69.8 என்பது போன வருடம் செப்டெம்பரிலிருந்து இந்தச் செப்டெம்பர் வரை ஏறிய விலை. நீங்கள் வாங்குகிற 30 வீதம் இனி வருகிற வருடத்துக்கு. நேற்றுப் பெய்த மழையை நாளைய குடையிலிருந்து கழிக்க முடியாது. கழிக்கவேண்டியது வரப்போகிற விலைவாசி. அது எவ்வளவு என்று எனக்கும் தெரியாது. ஆனால் ரூபா ஒரே பாய்ச்சலில் 200 இலிருந்து 360 க்குப் போனதால்தான் இந்த 69.8. அந்தப் பாய்ச்சல் மறுபடி நடக்காவிட்டால் அடுத்த வருடம் எண் தானாக விழும்.

ஹட்டன் நகைக்கடை, நவம்பர் 7, காலை 8.10

சேர், ரூபா மறுபடி விழாது என்று யார் சொல்வது? கடைக்கு வருபவர்கள் எல்லோரும் டொலர் 500 போகும் என்றுதான் வாங்குகிறார்கள். அக்கா செய்தது சரி.

கொட்டகலைக்காரி, 2023 ஜூன் 11, மாலை 6.20

இழையை மறுபடி திறக்கிறேன். ஏழு மாதம் ஆகிவிட்டது.

அவுன்ஸ் இப்போது சுமார் 1,960 டொலர். நாங்கள் வாங்கும்போது 1,630. டொலரில் நூற்றுக்கு இருபது ஏற்றம்! ஆனால் ரூபா பலமாகி டொலர் 300 க்குப் பக்கம் வந்துவிட்டது. 0.2358 ஐ 1,960 ஆலும் 300 ஆலும் பெருக்கினால் 138,600. வாங்கிய அன்றைய கணக்கைவிட 1,700 குறைவு. உலகத்தில் தங்கம் ஏறிக்கொண்டே இருக்க, நம் கையில் உள்ள சங்கிலி இறங்கியிருக்கிறது. போன வருடம் நடந்ததன் நேர் எதிர்.

நான் முதலில் கேட்ட கேள்வியே தப்பு என்று இப்போது படுகிறது. "வட்டி ஏறினால் தங்கம் இறங்குமா" என்று கேட்டேன். எந்த நாட்டு வட்டி, எந்தக் காசில் தங்கம் என்று சேர்த்துக் கேட்டிருக்கவேண்டும். அவுன்ஸை ஆட்டுவது அமெரிக்க மெய் வட்டி. பவுணை ஆட்டுவது அவுன்ஸும் ரூபாவும் சேர்ந்து. இலங்கை வட்டிக்கு அவுன்ஸோடு ஒரு தொடர்பும் இல்லை, ரூபா வழியாக மட்டும்தான் அது பவுணைத் தொடுகிறது. இங்கே வட்டியை ஏற்றினார்கள், ரூபா நிமிர்ந்தது, பவுண் குனிந்தது.

மஸ்கெலியா, ஜூன் 12, பகல் 12.40

தோட்டை மீட்டுவிட்டேன். சேர் சொன்னபடி திகதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே போனேன். மகள் பள்ளிக்கூடத்துக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறாள். இப்போது தங்கம் குறைகிறது என்றால் மறுபடி அடகு வைத்தாலும் குறையத்தான் தருவார்களா?

ஹட்டன் நகைக்கடை, ஜூன் 12, மாலை 4.00

பவுணுக்கு இவ்வளவு என்று அவர்களே ஒரு தொகை வைத்திருப்பார்கள் அக்கா. விலை குறைந்தால் அதையும் குறைப்பார்கள், கூடினால் உடனே கூட்டமாட்டார்கள்.

கொட்டகலைக்காரி, நவம்பர் 12, இரவு 8.00

சரியாக ஒரு வருடம். கசப்பான கணக்கு, ஆனாலும் எழுதுகிறேன்.

ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவைத் திறைசேரி உண்டியலில் போட்டவருக்கு இன்று சுமார் 130. விலைவாசி ஏற்றம் செப்டெம்பரில் 1.3 வீதம், ஒக்டோபரில் 1.5. நூறு தேங்காய்க் காசு நூற்று இருபத்தெட்டுத் தேங்காய் வாங்கும்.

100 ரூபாவைத் தங்கத்தில் போட்டவருக்கு? அவுன்ஸ் சுமார் 1,940 டொலர், டொலர் 327 ரூபா. பவுண் 149,600. அதாவது 107 ரூபா. விற்கப்போனால் சேதாரமும் கூலியும் கழிந்து அதுவும் மிஞ்சாது.

நான் கழித்தல் நாற்பது என்று எழுதிய மெய் வட்டி, உண்மையில் கூட்டல் இருபத்தெட்டாக இருந்திருக்கிறது. சேர் அன்றிரவே சொன்னார். அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. "ரூபா 500 க்குப் போயிருந்தால்?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று இருந்த பயம் பொய்யான பயம் இல்லை.

பண்டாரவளை ஓய்வு, நவம்பர் 13, காலை 6.45

அம்மா கேட்டது சரியான கேள்வி. அந்த 30 வீதம் சும்மா தரவில்லை. அரசு உள்நாட்டுக் கடனையும் திருப்பித் தராமல் போகலாம், ரூபா மறுபடி விழலாம் என்ற பயத்துக்கான கூலி அதற்குள் இருந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனை நிறுத்திவிட்ட அரசு அது. பயம் பலிக்காததால் கூலி முழுக்கக் கையில் மிஞ்சியது.

கொட்டகலைக்காரி, 2024 மார்ச் 30, மாலை 3.10

சேர், இப்போது நீங்கள் சொன்னதே இடிக்கிறது.

`DFII10` இன்றைக்கு 1.9 பக்கம். 2022 நவம்பரில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடத்தான். போன ஒக்டோபரில் 2.5 வரைக்கும் போய் வந்தது. தேங்காய்க் கணக்குப்படி அவுன்ஸ் 1,600 க்குக் கீழே இருக்கவேண்டும். இருப்பதோ 2,200 க்கு மேல். தலைகீழ்ப் படம் போலிருந்த இரண்டு கோடுகளும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் மேலே போகின்றன.

பண்டாரவளை ஓய்வு, மார்ச் 30, இரவு 7.40

உண்மை. எனக்கும் முதலில் நம்ப முடியவில்லை, கோட்டைப் பலமுறை பார்த்தேன்.

நான் நினைப்பது இது. மெய் வட்டி ஏறியதும் விற்கிறவர்கள், அந்தப் பதினேழு தேங்காய்க்குக் கணக்குப் பார்க்கிற முதலீட்டாளர்கள். அவர்கள் 2022 இலிருந்து விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் மறுபக்கம் நாடுகளின் மத்திய வங்கிகள் 2022 இலும் 2023 இலும் வருடத்துக்கு 1,000 தொன்னுக்கு மேல் வாங்கின. 2022 பெப்ரவரியில் ரஷ்யாவின் கையிருப்பில் சுமார் 300 பில்லியன் டொலர் பெறுமதியை மேற்கு நாடுகள் முடக்கியதை எல்லோரும் பார்த்தார்கள். முடக்கப்படக்கூடிய முறிக்கு 2 வீத மெய் வட்டி கிடைத்தென்ன என்று யோசிக்கிற அரசுக்கு அந்தக் கோடு பொருட்டே இல்லை. சொந்தப் பெட்டகத்தில் இருக்கிற தங்கத்தை யாரும் முடக்க முடியாது.

விதி செத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். வட்டி குறையும் என்று செய்தி வந்தால் அன்றைக்கே தங்கம் துள்ளுகிறது, அதை இப்போதும் பார்க்கலாம். நாளாந்த அசைவில் கயிறு இருக்கிறது. கயிறு கட்டிய முளைதான் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது.

ஹட்டன் நகைக்கடை, மார்ச் 31, காலை 9.00

சேர், மத்திய வங்கி மட்டும் இல்லை. சீனத்தில் வீட்டு விலை விழுந்து, சாதாரணச் சனங்கள் சின்னச் சின்னதாகத் தங்கம் வாங்குகிறார்கள் என்று செட்டியார் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அதுதான் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது.

பண்டாரவளை ஓய்வு, மார்ச் 31, காலை 10.20

இருக்கலாம் தம்பி. இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

கொட்டகலைக்காரி, மார்ச் 31, இரவு 9.30

அம்மாவிடம் 2,200 என்றேன். ரூபாவில் எவ்வளவு என்றார். டொலர் 300 என்று வைத்து, 155,600 என்றேன். சங்கிலியைக் கழற்றி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொக்கியைப் பார்த்தார். கொக்கி தேய்கிறதாம், சித்திரைக்கு முன் ஹட்டனுக்குப் போய் மாற்றவேண்டும் என்கிறார். தம்பி, பழைய கொக்கியின் நிறையைக் கழித்துத்தானே விலை போடுவீர்கள்?